∛(x²(3 − x)) வரைபு: x = 0 இல் கிண்ணமா, கூரா?

உப்புவெளி மாணவி
எல்லாருக்கும் வணக்கம். நான் வாற வருசம் உயர்தரம் எடுக்கிறன், கணிதப் பிரிவு. போன கிழமை ரியூசன் வகுப்பில் ஒரு பேப்பர் வைத்தார்கள். f(x) = ∛(x²(3 − x)) என்ற சார்பின் வரைபைக் கீறி, திரும்பற் புள்ளிகளைக் காட்டச் சொல்லி ஒரு கேள்வி. நான் செய்தது இது:

f(x) = (3x² − x³)^(1/3)
f′(x) = (6x − 3x²) / [3(3x² − x³)^(2/3)]

தொகுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் 3x(2 − x) = 0. அதனால் x = 0 அல்லது x = 2. பூச்சியத்துக்கு இடப்பக்கம் சார்பு குறைந்துகொண்டு வருது, வலப்பக்கம் கூடுது. ஆகவே x = 0 இல் இழிவு. x = 2 இல் உயர்வு, அங்கே f = ∛4. இதை வைத்து x = 0 இல் கிண்ணத்தின் அடி போல மெதுவாக வளைத்துக் கீறினேன். x = 3 இல் அச்சை ஒரு சாய்வோடு வெட்டிக் கீழே இறக்கினேன்.

15 க்கு 8 தான் கிடைத்தது. x = 0 இலும் x = 3 இலும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கு, விளக்கம் ஒன்றும் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் நிறைய, கேட்கவும் முடியவில்லை. ஆனால் "x = 0 இல் இழிவு" என்று நான் எழுதிய வரிக்குச் சரி போட்டிருக்கு. விடை சரி, படம் பிழை என்றால் எனக்கு விளங்கவே இல்லை.

கந்தளாய்க் கணக்கன்
தங்கச்சி, உம்முடைய கேள்வியைப் பார்த்ததும் கணினியில் கீறிப் பார்த்தேன். இரண்டு விசயம் சொல்லலாம்.

ஒன்று, x = 0 இல் உம்முடைய பெறுதியின் பகுதியும் பூச்சியம் ஆகுது. பகுதி பூச்சியம் என்றால் அங்கே பெறுதி இல்லை. பெறுதி இல்லாத இடத்தில் கிண்ணம் கீற முடியாது.

இரண்டு, x = 3 க்கு அங்கால சார்பே இல்லை. நான் ஓடவிட்டது இதுதான்:

```python
import numpy as np
x = np.linspace(-1, 4, 2001)
y = (x**2 * (3 - x))**(1/3)
```

கோடு 3 இல் வந்து நின்றுவிடுது. அதனால்தான் அங்கேயும் வட்டம் போட்டிருப்பார்கள். நீர் அச்சுக்குக் கீழே கீறியிருக்கக் கூடாது.

பழைய கரும்பலகை
மகள், நான் திருமலையில் பல காலம் இந்தப் பாடம் படிப்பித்தவன். இந்தக் கேள்வியில் பிள்ளைகள் விழும் இடமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொகுதி பூச்சியம் ஆனதும் "நிலையான புள்ளி" என்று எழுதிவிட்டீர்கள். அதே x = 0 ஐப் பகுதியில் போட்டீர்களா? அங்கேயும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரித்தால் விடை பூச்சியம் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. யார் வேகமாகப் பூச்சியத்துக்குப் போகிறார் என்று பார்க்க வேண்டும். 3x² − x³ என்பதில் x² ஐ வெளியே எடுங்கள். பகுதியில் x^(4/3) வரும், தொகுதியில் ஒரு x தான் இருக்கிறது. சுருக்கினால்:

f′(x) = (2 − x) / [x^(1/3) · (3 − x)^(2/3)]

இப்போது x = 0 தொகுதியில் இருந்தே போய்விட்டது. பகுதியில் மட்டும் நிற்கிறது. பூச்சியத்தை நெருங்கும்போது இந்தப் பின்னம் சின்னதாகவில்லை, பெருகிக்கொண்டே போகிறது. x^(1/3) இடப்பக்கம் மறை, வலப்பக்கம் நேர். ஆகவே இடப்பக்கம் −∞, வலப்பக்கம் +∞. நீங்கள் படித்திறன் பூச்சியம் என்று நினைத்த இடத்தில் அது அளவில்லாமல் செங்குத்தாகிறது. அதுதான் கூர்முனை.

இழிவு என்றது சரி. ஏனென்றால் அதை நீங்கள் பெறுதியின் குறி மாறுவதை வைத்துத்தான் சொன்னீர்கள், குறி உண்மையிலேயே மாறுகிறது. f(0) = 0, அக்கம்பக்கத்தில் f நேர். இழிவாக இருப்பதற்குப் படித்திறன் பூச்சியமாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கந்தளாய்த் தம்பிக்கு: x = 3 க்கு அங்கால சார்பு தாராளமாக இருக்கிறது. மறை எண்ணுக்குக் கனமூலம் உண்டு, −8 இன் கனமூலம் −2. x = 4 ஐப் போட்டுப் பாருங்கள், ∛(−16), ஏறத்தாழ −2.52. உங்கள் கணினி ஏன் அங்கே நின்றது என்பதை அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வந்தாறுமூலை அக்கா
அது கணினியின் குறை இல்லை, நாங்கள் கேட்ட விதம். `**(1/3)` என்று எழுதினால் பைதன் அதைக் கனமூலம் என்று எடுக்காது, 0.333… என்ற தசமத்தை அடுக்காக எடுக்கும். வெறும் `(-8)**(1/3)` என்று தட்டினால் ஒரு சிக்கலெண் வரும். நம்பை அணி என்றால் அந்த இடங்களில் `nan` வரும், வரைபில் கோடு பேசாமல் மறைந்துவிடும். பிழைச் செய்தியை யாரும் வாசிப்பதில்லை, படத்தை மட்டும் நம்பிவிடுகிறோம். வரியை இப்படி மாற்றுங்கள்:

```python
y = np.cbrt(x**2 * (3 - x))
```

இனிக் கோடு 3 ஐத் தாண்டிப் போகும்.

கந்தளாய்க் கணக்கன்
நன்றி அக்கா, மாற்றினேன், இப்ப முழுக் கோடும் வருது. x = 3 பற்றிச் சொன்னதை விட்டுவிடுறன். ஆனால் முதல் விசயம் சரிதானே? பகுதி பூச்சியம், அதனால் பெறுதி இல்லை.

வந்தாறுமூலை அக்கா
இந்தக் கணக்கில் முடிவு சரி. ஆனால் அந்தக் காரணத்தை விதியாக வைத்துக்கொள்ள வேண்டாம். g(x) = x·∛x ஐ எடுங்கள். பெருக்கல் விதிப்படி வகையிட்டால்

g′(x) = ∛x + x / (3∛(x²))

x = 0 ஐப் போட்டால் இரண்டாவது உறுப்பின் பகுதி பூச்சியம். உங்கள் விதிப்படி பெறுதி இல்லை. வரைவிலக்கணத்துக்குப் போனால் (g(h) − g(0))/h = h∛h/h = ∛h. h பூச்சியத்துக்குப் போக இதுவும் பூச்சியத்துக்குப் போகும். பெறுதி இருக்கிறது, அது பூச்சியம். உண்மையான கிண்ணம் இங்கேதான் வரும்!

பெருக்கல் விதி அங்கே ஏன் கைவிட்டது? இரண்டு காரணிகளுக்கும் அந்தப் புள்ளியில் பெறுதி இருந்தால்தான் அந்த விதி பேசும். ∛x க்கு 0 இல் பெறுதி இல்லை. ஆகவே அந்த இடத்தில் விதிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். "விதியால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பதும் "பெறுதி இல்லை" என்பதும் ஒன்றல்ல.

அதனால் சந்தேகமான புள்ளியில் நான் நேரே நாணின் படித்திறனுக்குத்தான் போவேன். தங்கச்சி, உங்கள் சார்புக்கு அதைச் செய்து பாருங்கள். f(0) = 0 என்பதால் f(h)/h மட்டும் போதும்.

சம்பூர் வாசகன்
நான் பள்ளி விட்டுப் பல வருசம். படித்திறன் முடிவிலிக்குப் போகுது என்றால் அது 1/x மாதிரி அணுகுகோடுதானே? x = 3 இல் ஒரு புள்ளிக்கோடு போட்டு, வளையி அதைத் தொடாமல் மேலே கீழே ஓடுற மாதிரிக் கீற வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

பழைய கரும்பலகை
இல்லை ஐயா, இரண்டும் வேறு. 1/x இல் முடிவிலிக்குப் போவது y. வளையி அந்தக் கோட்டை எட்டுவதே இல்லை. இங்கே y அமைதியாகப் பூச்சியத்துக்கு வந்து, x = 3 என்ற கோட்டைத் தொட்டு, கடந்தும் போகிறது. முடிவிலிக்குப் போவது சாய்வு மட்டும். முதலில் f(3) ஐக் கண்டுபிடியுங்கள். அது ஒரு சாதாரண எண்ணாக வந்து, சார்பும் அங்கே தொடர்ச்சியாக இருந்தால் அணுகுகோட்டுப் பேச்சுக்கே இடம் இல்லை.

உப்புவெளி மாணவி
அக்கா சொன்ன மாதிரி f(h)/h ஐக் கணித்தேன். கல்குலேட்டர் பாவித்தேன், மன்னிக்கவும்.

h = 0.1 → 3.07
h = 0.01 → 6.69
h = 0.001 → 14.42

h = −0.1 → −3.14
h = −0.01 → −6.70

பிறகு x = 3 இல் f(3 + h)/h:

h = 0.001 → −208
h = −0.001 → −208

இரண்டும் முடிவிலிக்குப் போகுது என்று தெரியுது, ஆனால் வேகம் ஒரே மாதிரி இல்லை. 0.001 இல் ஒன்று 14, மற்றது 208. பிறகு, 0 இல் குறி மாறுது, 3 இல் இரண்டு பக்கமும் மறை. இது ஏன்?

பழைய கரும்பலகை
இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதுக்கே எனக்குச் சந்தோசம்.

கனமூலத்துக்கு உள்ளே இருப்பதைப் பாருங்கள். x = 0 க்குப் பக்கத்தில் (3 − x) ஏறத்தாழ 3. ஆகவே f ஏறத்தாழ ∛3 · x^(2/3). அதை x ஆல் வகுத்தால் ∛3 · x^(−1/3). h ஆயிரம் மடங்கு சிறுத்தால் படித்திறன் பத்து மடங்குதான் கூடும். x = 3 க்குப் பக்கத்தில் x² ஏறத்தாழ 9. f ஏறத்தாழ ∛(−9h), h ஆல் வகுத்தால் −∛9 · h^(−2/3). h ஆயிரம் மடங்கு சிறுத்தால் படித்திறன் நூறு மடங்கு. h = 0.000001 என்று போட்டுப் பாருங்கள், ஒன்று 144, மற்றது −20800 அளவில் வரும்.

குறியும் அங்கேதான் இருக்கிறது. h^(2/3) என்பதில் வர்க்கம் ஒளிந்திருக்கிறது, அது எப்போதும் நேர். அதனால் x = 3 இல் இரண்டு பக்கமும் ஒரே குறி. h^(1/3) பக்கம் மாறக் குறி மாறும். அதனால் x = 0 இல் ஒரு பக்கம் −∞, மறு பக்கம் +∞. உள்ளே ஒரு காரணி ஒரு தடவை வந்தால் நிலைக்குத்துத் தொடலி, இரண்டு தடவை வந்தால் கூர். மூன்று தடவை வந்தால் கனமூலமே போய்விடும், சாதாரணச் சாய்வு. பெறுதி எடுக்காமலே இதைச் சொல்லிவிடலாம்.

இனிப் படம். நீங்கள் கீறிய கிண்ணம் மேல்நோக்கித் திறந்த குழிவு. உண்மை நேர்மாறு. x = 0 இல் இருந்து கிளம்பும் இரண்டு கைகளும் வெளியே மேல்நோக்கிப் புடைத்து வளையும், நுனி கீழே குத்தி நிற்கும். இரண்டு பறவைகள் சொண்டை ஒன்றோடு ஒன்று ஒட்டி நிலத்தைக் கொத்துகிற மாதிரி. x = 3 இல் பென்சிலை நேரே கீழே இழுங்கள், ஒரு கணம் நிலைக்குத்தாகப் போய், மறுபடி வலப்பக்கம் திரும்பட்டும். x மிகப் பெரிதானால் வளையி y = 1 − x என்ற கோட்டை நெருங்கும், இரண்டு அந்தத்திலும்.

இன்னொன்று செய்யுங்கள். கீறிய தாளைக் கால் சுற்றுத் திருப்புங்கள். x = 3 பக்கத்தில் இருப்பது x = 3 − y³/9 மாதிரி ஒரு சாதுவான வளையி. அங்கே கோணலும் இல்லை, கூரும் இல்லை. நாங்கள் பார்த்த திசையில்தான் அது நிலைக்குத்து. x = 0 இல் உள்ள நுனியோ, தாளை எந்தப் பக்கம் திருப்பினாலும் நுனிதான்.

திருக்கடலூர் எஞ்சின் வேலை
இதை வாசிச்சுக்கொண்டு இருந்தனான், எனக்கும் ஒரு கனமூலம் இருக்கு போல. நான் படகு எஞ்சின் திருத்துறவன். எண்ணெய் அளக்கத் தகரத்தில் கூம்பு ஒன்று ஒட்டி வைச்சிருக்கிறன், நுனி கீழ, அடைச்சது. வாயின்ர அகலம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு. 10 மில்லி 10 மில்லியாக ஊற்றி உள்பக்கச் சரிவில் கோடு போட்டன். கீழ கோடுகள் அகலமாக நிக்குது, மேல போகப்போக நெருங்குது. முதல் சொட்டு விழுந்த உடனேயே மட்டம் எகிறுது. என்ர கோடுகள் சரியோ?

பழைய கரும்பலகை
தம்பி, அது இந்த இழைக்குப் பொருத்தமான கேள்விதான். உங்கள் கூம்பில் மட்டத்தின் ஆரையும் ஆழமும் சமம். கனவளவு V = πh³/3, ஆகவே h = ∛(3V/π). V = 0 இல் நிலைக்குத்துத் தொடலி. 0.05 மில்லி அளவான ஒரு சொட்டு விழுந்தால் மட்டம் 3.6 மில்லிமீற்றர் ஏறும். எகிறுகிறது என்றது சரியான சொல்.

சரிவு வழியே அளந்தால் ஆழத்தை 1.414 ஆல் பெருக்க வேண்டும். 10 மில்லிக் கோடு நுனியில் இருந்து 3.0 சென்ரிமீற்றரில் வர வேண்டும். 20 க்கு 3.78, 70 க்கு 5.74, 80 க்கு 6.0. எட்டு மடங்கு எண்ணெய்க்கு நீளம் இரண்டே மடங்கு. உங்கள் கோடுகளை இதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

திருக்கடலூர் எஞ்சின் வேலை
80 இல் சரியாக 6.0 நிக்குது. 10 மில்லிக் கோடு 3.1 இல் நிக்குது. எப்பிடி கீழ மட்டும் பிழைக்கும்?

வந்தாறுமூலை அக்கா
அண்ணா, நுனியில் ஈயம் ஒட்டியிருப்பீர்கள்தானே. ஒரு மில்லி அளவு ஈயம் அடியில் கிடந்தாலும் எண்ணெய் அவ்வளவு மேலே போகும். கீழே சாய்வு செங்குத்து என்பதால் அந்த ஒரு மில்லி 10 மில்லிக் கோட்டைச் சரிவில் ஒரு மில்லிமீற்றர் அளவு தூக்கும். 80 மில்லியில் அதே ஈயம் தூக்குவது கால் மில்லிமீற்றர்தான், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் எண்ணெய் ஊற்றிக் கோடு போட்டதால் உங்கள் 3.1 தான் உங்கள் கூம்புக்குச் சரி. சூத்திரம் ஈயம் இல்லாத கூம்புக்கு.

கந்தளாய்க் கணக்கன்
ஒரு கேள்வி. கனமூலத்துக்குப் பதிலாக வர்க்கமூலம் போட்டால், √(x²(3 − x)), அப்பவும் 0 இல் கூரும் 3 இல் நிலைக்குத்தும் வருமா?

வந்தாறுமூலை அக்கா
வராது, இரண்டும் மாறும். x² வர்க்கமூலத்தில் இருந்து முழுதாக வெளியே வந்துவிடும், ஆனால் |x| ஆக. சார்பு |x|·√(3 − x). x = 0 இல் இடப்பக்கச் சாய்வு −√3, வலப்பக்கம் √3. இரண்டும் முடிவுள்ள எண்கள், அதனால் அது மூலை, கூர் இல்லை. நீங்கள் முதலில் கோடு 3 இல் முடியும் என்றீர்களே, அது இந்தச் சார்புக்குச் சரி. 3 க்கு அங்கால உள்ளே மறை. அங்கே இடப்பக்கம் இருந்து மட்டும் சாய்வு −∞ க்குப் போகும். √x க்கு 0 இல் நடப்பது இதுதான், ஒரு பக்கம் மட்டும். அதையே √|x| என்று இரண்டு பக்கமும் விரித்தால் மறுபடி கூர் வரும்.

ஒற்றைப் பக்கத்தில் கோடு முடியும் இடத்தில் "தொடலி உண்டு" என்று எழுதலாமா என்பதில் புத்தகங்கள் ஒத்துப்போவதில்லை.

பழைய கரும்பலகை
நான் எழுதச் சொல்வேன். நிலைக்குத்துக் கோடு அங்கே வளையியைத் தொடுவது கண்ணுக்குத் தெரிகிறது. கூர்முனைக்கும் அதே x = 0 என்ற கோட்டைத் தொடலி என்றே சொல்லிக் கொடுத்தேன்.

வந்தாறுமூலை அக்கா
சேர், கூர்முனை விசயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே குறியோடு முடிவிலிக்குப் போனால்தான் நிலைக்குத்துத் தொடலி என்ற வரைவிலக்கணத்தை நாங்கள் பாவிக்கிறோம். அப்படி வைத்தால்தான் ∛x ஐயும் x^(2/3) ஐயும் பெயரிலேயே பிரிக்கலாம்.

பழைய கரும்பலகை
பிரிக்க "கூர்" என்ற சொல்லே போதும், பிள்ளை. நாண்கள் இரண்டு பக்கமும் ஒரே கோட்டிலே போய்ப் படிகின்றன. அந்தக் கோட்டுக்குப் பெயர் வைக்காமல் விட எனக்கு மனம் வராது.

உப்புவெளி மாணவி
பரீட்சையில் நான் எதை எழுத வேண்டும்? f′(3) = −∞ என்று எழுதலாமா?

பழைய கரும்பலகை
அப்படி எழுத வேண்டாம். −∞ ஒரு எண் இல்லை, பெறுதி அங்கே இல்லை. "x → 3 ஆகும்போது f′(x) → −∞, x = 3 இல் நிலைக்குத்துத் தொடலி" என்று எழுதுங்கள். x = 0 க்கு இரண்டு பக்க எல்லைகளையும் தனித்தனியே எழுதி "கூர்முனை, இழிவு" என்று விடுங்கள். எங்கள் இருவரின் சண்டை அந்த வரிகளைத் தொடாது.

உப்புவெளி மாணவி
திரும்பக் கீறினேன். 2 இல் மட்டும் கிடையாக ஒரு சின்னக் கோடு, 3 இல் நிலைக்குத்தாக ஒன்று. 0 இல் இரண்டு கையும் புடைத்து வந்து சொண்டு மாதிரிக் குத்துது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வேற சார்பு. அது அக்கா சொன்ன x∛x இன் அடி.

திருக்கடலூர் எஞ்சின் வேலை
5 மில்லிக்கும் கோடு போடப் போறன். நுனியில் இருந்து எவ்வளவு என்று கேக்கேல்ல, ஊற்றித்தான் போடுவன்.